கொசுவத்திச் சுருளும் மருதாணிக் கையும்

1896ஆம் ஆண்டு பிரான்சில் லூமியேர் சகோதரர்கள் ஒரு சுவர் இடிபடுவதைப் படம்பிடித்தார்கள். மூத்தவர் அகஸ்ட் லூமியேர் பக்கத்தில் நின்று ஏவ, தொழிலாளர்கள் சுவரைத் தள்ளிச் சாய்க்கிறார்கள். புழுதி எழுகிறது. படம் முடிந்தது. பிறகு அதே சுருளைப் பின்னோக்கி ஓட்டிக் காட்டினார்கள். புழுதி தரைக்குள் அடங்கியது. சிதறிய கற்கள் ஒன்றுகூடின. சுவர் எழுந்து நின்றது. சினிமா பிறந்து ஓராண்டு ஆவதற்குள் காலம் திரையில் பின்னால் நடக்கத் தொடங்கிவிட்டது.

படம் பின்னோக்கி ஓடுகிறது என்று அதைப் பார்த்தவர்களுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. சுவரே சொல்லிவிட்டது. ஆனால் ஊசலாடும் ஒரு பெண்டுலத்தைச் சில நொடிகள் படமெடுத்துப் பின்னோக்கி ஓட்டினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பெண்டுலத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றே. சுவருக்கு அப்படியில்லை. ஒழுங்காக அடுக்கப்பட்ட கற்கள் சிதறுவதற்குக் கோடி வழிகள் உண்டு. சிதறியவை தாமாக அடுக்கிக்கொள்வதற்கு நடைமுறையில் வழியே இல்லை. இதைத்தான் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி சொல்கிறது. இந்த ஒருவழிப் போக்குக்குக் 'காலத்தின் அம்பு' என்று 1920களில் பெயரிட்டவர் ஆங்கிலேய வானியலாளர் ஆர்தர் எடிங்டன்.

காலப் பயணக் குறும்படம் எழுதுகிறவருக்கு இந்தச் சுவர்தான் முதல் பாடம். திரும்பி வராத மாற்றம் கொண்ட எந்தப் பொருளும் சட்டகத்துக்குள் வந்த கணத்தில் கடிகாரமாகிவிடும். உருகும் பனிக்கட்டி, எரியும் மெழுகுவத்தி, வாடும் பூ, ஆறும் காயம் எல்லாமே அப்படித்தான். காட்சிகளை எப்படிக் கலைத்துப் போட்டாலும், அந்தப் பொருளைப் பார்த்து இது முந்தியது, அது பிந்தியது என்று பார்வையாளர் வரிசைப்படுத்திக்கொள்வார். எத்தனை பொருள் வேண்டும், எங்கே வைக்கவேண்டும், எப்போது அவை ஏமாற்றும் என்பதுதான் கேள்வி.

முதலில் பார்வையாளரின் பக்கத்தைப் பார்ப்போம். அடுத்து வரும் காட்சி அடுத்து நடந்தது என்றே நம் மனம் எடுத்துக்கொள்ளும். அந்த நம்பிக்கையை உடைத்தால் அதற்கு ஒரு விலை உண்டு. உளவியலாளர் ரோல்ஃப் ஸ்வான் 1996இல் வெளியிட்ட ஆய்வில், கதையில் 'ஒரு கணம் கழித்து' என்று தொடங்கும் வாக்கியத்தைவிட 'ஒரு மணி நேரம் கழித்து' என்று தொடங்கும் வாக்கியத்தைப் படிக்க வாசகர்கள் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். காலம் தாவும்போது மனம் பழைய சூழலை மூடிவைத்துவிட்டுப் புதியதைக் கட்டுகிறது. வாசகர் அந்த இடத்தில் நிதானிக்கலாம். படம் யாருக்காகவும் நிற்காது. அதனால் அனுபவமுள்ள திரைக்கதையாளர் ஒரு தாவலுக்குப் பிந்தைய முதல் இரண்டு மூன்று நொடிகளில் முக்கியமான வசனம் எதையும் வைப்பதில்லை. அந்த நொடிகள் 'இப்போது எப்போது?' என்று பார்வையாளர் தேடுவதற்கானவை. அவர் கண் தேடும் இடத்தில் விடை இருக்கவேண்டும்.

சாதாரண ஃப்ளாஷ்பேக்குக்கு இந்த ஒரு கேள்வி போதும். காலப் பயணத்தில் இரண்டாவது கேள்வி ஒன்று சேர்ந்துகொள்கிறது. அமெரிக்க மெய்யியலாளர் டேவிட் லூயிஸ் 1976இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். உலகுக்கு ஒரு காலம் இருக்கிறது. பயணிக்கு அவருடைய சொந்தக் காலம் ஒன்று இருக்கிறது. காலை ஐந்து மணியிலிருந்து முந்தைய இரவு பன்னிரண்டரைக்குப் போகிறவளுக்கு உலகக் காலம் பின்னால் போகிறது. ஆனால் அவள் கையில் கட்டிய கடிகாரமும், வளரும் முடியும், சேரும் நினைவுகளும் முன்னால்தான் போகின்றன. நம் எல்லோருக்கும் இந்த இரண்டு காலமும் ஒட்டியே ஓடுவதால் அவற்றைப் பிரித்துப் பார்க்கும் தேவையே வருவதில்லை. காலப் பயணிக்கு மட்டும் அவை பிரிகின்றன.

ஆக, இப்படிப்பட்ட படத்தில் மூன்று வரிசைகள் இருக்கின்றன: உலகில் நடந்த வரிசை, பயணி வாழ்ந்த வரிசை, திரையில் காட்டும் வரிசை. புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வரிசைக்கு மட்டுமே குறிப்புக் கொடுக்கிறார்கள். 'இரவு 12.40' என்று எழுத்துப் போடுவார்கள், அல்லது பழைய காட்சிகளுக்கு நீல நிறம் ஏற்றுவார்கள். எழுத்து மணியைச் சொல்லும். திரையில் நிற்பவள் பயணத்துக்கு முந்தையவளா பிந்தையவளா என்பதைச் சொல்லாது. 'மூன்று மணி நேரத்துக்கு முன்' என்ற எழுத்து இன்னும் மோசம். யாருக்கு முன்? இறந்தகாலத்துக்குப் போனவளுக்கு அது 'பின்'.

எனவே குறைந்தது இரண்டு கடிகாரங்கள் தேவை. ஒன்று இடத்தோடு ஒட்டியிருந்து உலகக் காலத்தைச் சொல்லவேண்டும். மற்றது பயணியின் உடம்போடு ஒட்டியிருந்து அவளோடு பயணித்து அவள் காலத்தைச் சொல்லவேண்டும். நாச்சோ விகலோண்டோ இயக்கிய 2007ஆம் ஆண்டு ஸ்பானியப் படம் 'டைம்கிரைம்ஸ்' இரண்டாவது கடிகாரத்தை ஒரே ஒரு கட்டுத்துணியால் செய்துகாட்டியது. முகத்தைத் துணியால் சுற்றிய மர்ம மனிதன் ஹெக்டரின் கையில் கத்திரிக்கோலால் குத்துகிறான். ஹெக்டர் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொள்கிறான். பிறகு காலத்தில் பின்னே போகிறான், அங்கே கார் விபத்தில் தலையில் அடிபடுகிறது, கையிலிருந்த கட்டையே அவிழ்த்துத் தலையில் சுற்றிக்கொள்கிறான். அப்போதுதான் அந்த மர்ம மனிதன் யாரென்று நமக்குப் புரிகிறது. துணி கையில் இருந்தால் முந்தைய ஹெக்டர், முகத்தில் இருந்தால் பிந்தைய ஹெக்டர். பார்வையாளர் எந்த எழுத்தையும் படிக்கவேண்டியதில்லை. கடிகாரமாக இருக்கும் அதே துணி கதையின் புதிராகவும் இருப்பதுதான் இதன் அழகு.

இந்த முறையை நம் வீட்டுப் பொருட்களை வைத்து ஒன்பது நிமிடக் குறும்படமாக எழுதிப் பார்க்கலாம். உலகக் கடிகாரமாகக் கொசுவத்திச் சுருள். தமிழ்ப் படங்களில் ஃப்ளாஷ்பேக்குக்கு முன்னால் திரையில் சுழலும் வட்டங்களைக் கொசுவத்திச் சுருள் என்று கேலி செய்யாதவர்கள் குறைவு. அது இங்கே நிஜமாகவே வேலைக்கு வருகிறது. ஒரே தடிமனுள்ள கலவை என்பதால் காற்று சீராக இருந்தால் அது கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் கனிந்துகொண்டு போகும். ஒரு சுருள் ஏறத்தாழ எட்டு மணி நேரம் வரும். இரவு ஒன்பதரைக்குக் கொளுத்தினால் விடியற்காலை ஐந்தரைக்குத் தகரத் தாங்கியை எட்டும். வெளி வட்டத்திலிருந்து உள்நோக்கி எரிவதால் எவ்வளவு போயிருக்கிறது என்பது தூரத்திலிருந்தே தெரியும்.

சொந்தக் கடிகாரமாக மருதாணி. மருதாணி இலையில் லாசோன் என்ற சாயப்பொருள் இருக்கிறது. அரைத்த விழுதிலிருந்து அது தோலின் மேலடுக்குக்குள் இறங்கி அங்கிருக்கும் கெரட்டின் என்னும் புரதத்தோடு பிணைகிறது. விழுதை எடுத்தவுடன் ஆரஞ்சு நிறமாகத் தெரியும். பிறகு ஒன்றிரண்டு நாளில் ஆழ்ந்த சிவப்பாகும். தோல் உதிர உதிர மங்குமே தவிர, சிவந்த கை மறுபடி விழுதுக்குத் திரும்பாது. திரையில் சந்தேகமில்லாமல் பிரித்தறியக்கூடிய மூன்று நிலைகள் நமக்குக் கிடைக்கின்றன: விழுது அப்பிய கை, ஆரஞ்சுக் கை, கருஞ்சிவப்புக் கை.

கதை சிறியது. தஞ்சைப் பக்கத்துக் கிராமத்து ஓட்டு வீடு. செல்விக்குப் பதினேழு வயது. இரவு ஒன்பதரைக்கு அம்மா சுருளைக் கொளுத்தி வைத்துவிட்டு அவள் வலக்கையில் மருதாணி அப்பி விடுகிறாள். விடியற்காலை ஐந்து மணிக்குச் செல்வி எழுந்து பார்த்தால் கொல்லைக் கதவு திறந்து கிடக்கிறது, ஆட்டுக்குட்டியைக் காணோம். கையைக் கழுவிக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறாள். கடைசியாக நெல் கொட்டும் பத்தாயத்துக்குள் இறங்கிப் பார்க்கிறாள். வெளியே வரும்போது இரவு பன்னிரண்டு நாற்பது. கூடத்தில் இன்னொரு செல்வி தூங்கிக்கொண்டிருக்கிறாள். யார் கதவைத் திறந்தார்கள் என்று பார்க்கக் காத்திருக்கிறாள். தூங்குகிறவள் புரண்டு கண் விழிக்கப் பார்க்கவும், பதறிப்போய்க் கொல்லைக் கதவைத் திறந்து வெளியே ஓடுகிறாள். அவள் காலடியிலேயே குட்டியும் ஓடுகிறது. நான்கு மணி நேரம் இருட்டில் துரத்திப் பிடிக்கிறாள். முதல் செல்வி பத்தாயத்துக்குள் இறங்கியபிறகு ஐந்தரைக்குக் குட்டியோடு வீட்டுக்குள் வருகிறாள்.

இந்தக் கதையில் இறந்தகாலம் மாறுவதேயில்லை. கதவைத் திறந்தது எப்போதுமே அவள்தான். காலப் பயணம் சாத்தியமென்றால் அது தன்னோடு முரண்படாத நிகழ்வுகளை மட்டுமே அனுமதிக்கும் என்று ரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவ் 1980களில் வாதிட்டார். குறும்படத்துக்கு இந்தக் கொள்கை பெரிய உதவி. கடந்தகாலத்தை மாற்றலாம் என்று வைத்துக்கொண்டால் மாறியதற்கு முந்தைய இரவு, பிந்தைய இரவு என்று இரண்டு இரவுகள் வந்துவிடும். சுருளைப் பார்த்து மணி சொல்லலாம், எந்த இரவு என்று சொல்ல முடியாது. அதற்கு மூன்றாவது கடிகாரம் வேண்டியிருக்கும். ஒன்பது நிமிடத்தில் மூன்று கடிகாரத்தைப் பார்வையாளர் தலையில் ஏற்ற முடியாது.

இனி திரை வரிசை. ஏழு காட்சிகள். முதல் காட்சியில் விடியலுக்கு முன் ஒரு பெண் வைக்கோல்போரில் சாய்ந்து ஆட்டுக்குட்டியை அணைத்துக்கொண்டிருக்கிறாள்; கை கருஞ்சிவப்பு. யார், எப்போது, எதுவும் தெரியாது. இரண்டாவது, இரவு ஒன்பதரை: முழுச் சுருள், விழுதுக் கை. மூன்றாவது, இரவு ஒரு மணி: படுக்கையிலிருக்கும் செல்வியின் அரைத்தூக்கப் பார்வை. சுருளில் பாதிக்குச் சற்று மேலே மீதி இருக்கிறது. கொல்லைக் கதவருகே ஓர் உருவம். அம்மா என்று நினைத்துத் திரும்பிப் படுக்கிறாள். நான்காவது, விடியல் ஐந்து: தாங்கியை ஒட்டி ஒரு துண்டுச் சுருள், கழுவிய ஆரஞ்சுக் கை, பத்தாயம். ஐந்தாவது, இரவு பன்னிரண்டு நாற்பதிலிருந்து ஒரு மணி வரை: மறுபடியும் பாதிக்கு மேல் மீதியுள்ள சுருள், ஆனால் ஆரஞ்சுக் கை. ஆறாவது, மீண்டும் வைக்கோல்போர்: கருஞ்சிவப்புக் கை, இப்போது நமக்கு எல்லாம் தெரியும். ஏழாவது, ஐந்தரை: சாம்பல் மட்டும், கருஞ்சிவப்புக் கை, அம்மா.

முதல் காட்சியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மிச்ச ஆறும் செல்வியின் சொந்தக் கால வரிசையிலேயே போகின்றன. விழுது, விழுது, ஆரஞ்சு, ஆரஞ்சு, கருஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு. உலகக் காலம்தான் நடுவில் ஒருமுறை பின்னே குதிக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு கடிகாரம்தான் தடுமாறவேண்டும், மற்றது பார்வையாளர் பிடித்துக்கொள்ளும் கயிறாக இருக்கவேண்டும் என்பதுதான் இந்த வரிசையின் அடிப்படை. முதல் காட்சியில் வேண்டுமென்றே சொந்தக் காலத்தைக் கலைக்கிறோம். அதனால்தான் அது வெளியே நடக்கிறது, அங்கே சுருள் இல்லை. ஒரே ஒரு விடையில்லாத கேள்வியோடு, ஒரு சிவந்த கையோடு, பார்வையாளர் கதைக்குள் நுழைகிறார்.

ஐந்தாம் காட்சிதான் படத்தின் அச்சு. அதைத் திரைக்கதைத் தாளில் இப்படி எழுதலாம்:

காட்சி 5 – உள் – இரவு – கூடம்

பத்தாயத்தின் திறப்பு வழியே செல்வி வெளியே வருகிறாள். இருட்டு. கண் பழக நிற்கிறாள். தரையில் சுருளின் கனல். பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. செல்வி அதையே பார்க்கிறாள்.

செல்வி (முணுமுணுப்பாக): இப்பத்தான தீர்ற மாதிரி இருந்துச்சு...

குனிந்து சாம்பலைத் தொடுகிறாள். சுடுகிறது. கையை இழுக்கிறாள். ஆரஞ்சு நிற விரல்கள்.

சுருளுக்கு அப்பால், போர்வைக்கு வெளியே நீண்டிருக்கும் இன்னொரு கை. அதே வளையல். விழுது காய்ந்து விரிசல் விட்டிருக்கிறது.

செல்வி தன் கையை அந்தக் கையின் பக்கத்தில் கொண்டுபோகிறாள். இரண்டு கைகளும் ஒரே சட்டகத்தில். நடுவே சுருளின் புகை.

இந்த அரைப் பக்கத்தில் மணி என்ற சொல்லே இல்லை. செல்வியின் முதல் வேலை பார்வையாளரின் முதல் வேலையேதான்: சுருளைப் பார்த்து நேரத்தைக் கண்டுபிடிப்பது. குறிப்பைப் பாத்திரமே படிக்கும்போது பார்வையாளரும் கூடவே படித்துவிடுகிறார். பிறகு இரண்டு கைகளும் ஒரு சட்டகத்துக்குள் வந்து, உலகக் காலம் ஒன்று, சொந்தக் காலம் இரண்டு என்பதை ஒரே படமாகக் காட்டிவிடுகின்றன.

இவ்வளவு வெளிப்படையாகக் காட்டவேண்டுமா, பின்னணியில் நுட்பமாக வைத்தால் ரசிகர்களே கண்டுபிடிக்கமாட்டார்களா என்று தோன்றலாம். கண்டுபிடிக்கமாட்டார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் டேனியல் லெவினும் டேனியல் சைமன்ஸும் 1997இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். இரண்டு பெண்கள் மேசையில் அமர்ந்து பேசும் சிறு படம். வெட்டுக்கு வெட்டு வேண்டுமென்றே ஒன்பது பிழைகள் வைத்திருந்தார்கள். ஒருத்தியின் கழுத்துத் துணி மறைந்து மறைந்து வரும். மேசையிலிருக்கும் சிவப்புத் தட்டுகள் வெள்ளையாகிவிடும். முதல்முறை பார்த்த பத்துப் பேரில் ஒருவர்தான் எதையோ கவனித்ததாகச் சொன்னார். மாற்றங்கள் இருக்கின்றன என்று எச்சரித்து மறுபடி காட்டியபோதும் சராசரியாக ஒன்பதில் இரண்டைத்தான் பிடித்தார்கள். கண்ணில் படுவது வேறு, கவனத்தில் பதிவது வேறு. யார் என்ன பேசுகிறார்கள், யாரைப் பார்க்கிறார்கள் என்பதிலேயே கவனம் இருக்கும்போது தட்டின் நிறத்தை மனம் எடுத்துவைத்துக்கொள்வதில்லை.

ஆகவே இரண்டாம் காட்சியிலேயே இரண்டு பொருட்களையும் யாராவது கையால் தொடவேண்டும், அவற்றைப் பற்றிப் பேசவேண்டும். அம்மா தீக்குச்சியைக் கிழித்துச் சுருளின் நுனியில் வைக்கிறாள், ஊதி அணைத்துக் கனலை மட்டும் விடுகிறாள். "இது தீர்றதுக்கும் கோழி கூப்புடுறதுக்கும் சரியா இருக்கும்" என்கிறாள். இந்த ஒரு வரியில் சுருள் கடிகாரமாகிவிடுகிறது; முழுச் சுருள் என்றால் இரவின் தொடக்கம், தீர்ந்த சுருள் என்றால் விடியல். பிறகு விழுதை அப்பியபடி, "விடியறவரைக்கும் கையை நனைச்சிடாதடி, செவக்காது" என்கிறாள். இரண்டாவது கடிகாரத்தின் விதியும் சொல்லியாயிற்று. அம்மா மகளுக்குச் சொல்வதாக இருப்பதால் இது விளக்கம் போலவே கேட்காது. இரண்டுக்கும் இங்கே மட்டும் ஒரு நெருக்கக் காட்சி. அதன்பிறகு சுருள் எப்போதும் கூடத்துச் சட்டகத்தின் அதே இடது கீழ் மூலையில் இருக்கவேண்டும். எங்கே பார்ப்பது என்று கற்றுக்கொண்ட கண் அடுத்தமுறை தானாக அங்கே போகும்.

நிறத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. மஞ்சள் குண்டு பல்பின் ஒளியில் ஆரஞ்சும் கருஞ்சிவப்பும் நெருங்கிவிடும். இரவு என்று காட்டுவதற்காக எடிட்டிங்கில் நீலம் ஏற்றினால் சிவப்பு செத்துக் கறுப்பாகும். விழுதா கறையா என்றே தெரியாது. பார்வையாளர்களில் சிலருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது இயல்பிலேயே கடினம், அதுவும் ஆண்களில் அது கூடுதல். ஆகவே நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. விழுது தடித்து, வெடித்து, நிழல் விழும்படி இருக்கவேண்டும். அது வடிவத்தாலேயே தெரிந்துவிடும். ஆரஞ்சும் கருஞ்சிவப்பும் வெளிச்ச அளவில் நன்றாக வேறுபடவேண்டும். சோதனை எளிது. மூன்று கைகளையும் படப்பிடிப்பு விளக்கிலேயே கைபேசியில் எடுத்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்க்கவேண்டும். அப்போதும் மூன்றும் பிரிந்து தெரிந்தால் சிறிய திரையிலும் மங்கிய புரொஜெக்டரிலும் தப்பித்துக்கொள்ளும்.

இன்னொரு நேர்மையான சிக்கல்: கை கருஞ்சிவப்பாக ஒன்றிரண்டு நாள் ஆகும். கதையிலோ கழுவியதிலிருந்து கடைசிக் காட்சி வரை செல்விக்கு ஐந்து ஐந்தரை மணி நேரம்தான். நிறம் உண்மையைவிட வேகமாக ஓடுகிறது. இந்தச் சலுகையைப் பார்வையாளர் தருவார். ஏனென்றால் அவர் கையைப் பார்த்து மணிக்கணக்குப் போடுவதில்லை, எது முந்தியது எது பிந்தியது என்றுதான் பார்க்கிறார். கடிகாரம் வேகமாக ஓடினால் மன்னிப்பு உண்டு. ஒருமுறை பின்னால் ஓடினால் கிடையாது.

அந்தக் காரணத்தாலேயே படப்பிடிப்பின் வரிசையைத் தீர்மானிப்பது மருதாணிதான். திரை வரிசைப்படியோ கதையின் மணிப்படியோ எடுக்க முடியாது. நடிகையின் கை எந்த வரிசையில் மாறுகிறதோ அந்த வரிசையில்தான் எடுக்கமுடியும். இரண்டு இரவுகள் போதும். முதல் இரவு தொடக்கத்தில் உண்மையான விழுதை அப்பி இரண்டாம், மூன்றாம் காட்சிகள். இரண்டு மூன்று மணி நேரத்தில் கழுவிவிட்டால் கை வெளிர் ஆரஞ்சாக இருக்கும். அதே இரவில் நான்காம், ஐந்தாம் காட்சிகள். மறுநாள் முழுக்கக் கை சிவக்க விட்டுவிட்டு, இரண்டாம் இரவின் விடியல் பக்கமாக முதல், ஆறாம், ஏழாம் காட்சிகள். ஐந்தாம் காட்சியில் போர்வைக்குள் தூங்குகிறவள் முகம் காட்டவேண்டியதில்லை. அதே அளவு கையும் அதே வளையலும் உள்ள இன்னொரு பெண் விழுதோடு படுத்திருந்தால் போதும். கணினி வரைகலை எதுவும் தேவையில்லை.

சுருளின் நிலை இதற்கு நேர்மாறு. அதை முன்கூட்டியே தயார் செய்துவைக்கலாம். முந்தின நாளே பல சுருள்களைக் கொளுத்தி, தேவையான அளவு எரிந்ததும் நுனியை அணைத்து, காட்சி எண் எழுதி அட்டைப்பெட்டியில் வைத்துக்கொள்ளவேண்டும். மூன்றாம் காட்சிக்கும் ஐந்தாம் காட்சியின் முடிவுக்கும் ஒரே அளவுச் சுருள் வேண்டும், ஏனென்றால் அவை ஒரே கணம், இரண்டு பார்வை. படுக்கையிலிருந்து பார்த்த உருவமும் கதவைத் திறக்கும் செல்வியும் ஒன்றுதான் என்று பார்வையாளர் இணைப்பது அந்தச் சுருளை வைத்துத்தான். மணிக்கு எட்டில் ஒரு பங்கு எரிகிற பொருள் என்பதால் ஒரு டேக்குக்குள் பெரிதாகக் குறையாது. ஆனால் ஒரு காட்சிக்கு இரண்டு மணி நேரம் விளக்கமைத்துக்கொண்டிருந்தால் கால் பங்கு போய்விடும். டேக் முடிந்ததும் அணைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் கைபேசியில் ஒரு படம் எடுத்து ஒப்பிடவேண்டும். வேறு படங்களில் இப்படிப்பட்ட தொடர்ச்சிப் பிழையை லெவின், சைமன்ஸ் சோதனையில் நடந்ததுபோல் யாரும் கவனிக்காமலே போகலாம். இங்கே பார்வையாளரைச் சுருளைப் பார்க்கச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். தப்பான சுருள் தப்பான மணியைச் சொல்லும்.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று படமெடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டு. கதை தெரியாத ஒருவரை உட்காரவைத்து ஒவ்வொரு காட்சியாகப் படித்துக்காட்டி, ஒவ்வொன்றின் முடிவிலும் இரண்டே கேள்வி கேட்கவேண்டும்: இப்போது மணி என்ன இருக்கும்? இது எந்தச் செல்வி? ஒரு நொடி யோசித்துச் சரியாகச் சொன்னால் அதுதான் வேண்டியது. அந்த யோசனைதான் படத்தின் சுவை. மணியைத் தப்பாகச் சொன்னால் சுருள் அந்தக் காட்சியில் கண்ணில் படவில்லை. ஆளைத் தப்பாகச் சொன்னால் கை கண்ணில் படவில்லை. முதல் காட்சிக்கு மட்டும் 'தெரியவில்லை' என்பதே சரியான விடை. ஐந்தாம் காட்சியில் அதே விடை வந்தால் படம் உடைந்துவிட்டது என்று பொருள். ஒரே ஆளிடம் இரண்டாம்முறை சோதிப்பதில் பயனில்லை, அவருக்கு வரிசை தெரிந்துவிட்டது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் புது ஆள் வேண்டும்.

இந்த அமைப்புக்கு எல்லையும் உண்டு. செல்வி இன்னொருமுறை பத்தாயத்துக்குள் இறங்கினால் மூன்றாவது செல்வி வருவாள், மருதாணியிடம் அவளுக்குத் தர நிறம் மிச்சமில்லை. அப்போது உடம்பில் வேறொன்று வேண்டும்: கீறல், கிழிந்த தாவணி, சேறு. ஷேன் கரூத்தின் 2004ஆம் ஆண்டுப் படம் 'பிரைமர்' இப்படிப் பயணத்தின் மேல் பயணமாக அடுக்கிக்கொண்டே போகும். ரசிகர்கள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து வரைபடம் போட்டுப் புரிந்துகொள்ளவேண்டியிருந்தது. அது அந்தப் படம் தெரிந்தே கேட்ட விலை. ஒருமுறை மட்டும் பார்க்கப்படும் குறும்படத்துக்கு ஒரு பயணமும் இரண்டு கடிகாரமும் தாராளம்.

கடைசிக் காட்சியில் குறிப்பு கதையாகிறது. செல்வி குட்டியோடு கொல்லை வழியாக உள்ளே வருகிறாள். சுருள் இருந்த இடத்தில் தாங்கியும் சாம்பலும். அம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "என்னடி இது, ஒரே ராத்திரியில இப்படிச் செவந்திருக்கு!" என்கிறாள். அம்மாவுக்கு அது ஆச்சரியம் மட்டும்தான். அந்தக் கை அந்த இரவை ஒன்றரைமுறை வாழ்ந்தது என்று பார்வையாளருக்குத் தெரியும், செல்விக்கும் தெரியும். அம்மா பேசும்வரை இந்தக் காட்சியில் கையை நெருங்கிக் காட்டக்கூடாது. பார்வையாளர் தாமாகவே கையைத் தேடவேண்டும். சோதனை வாசிப்பில் இந்த வரிக்குக் கேட்பவர் சிரிக்காமல் "ஏன் அப்படிச் சொல்றாங்க?" என்று கேட்டால் விளக்க வசனம் சேர்க்கவேண்டாம், திரையில் எழுத்தும் போடவேண்டாம். இரண்டாம் காட்சிக்குப் போய், அம்மா விழுது அப்பும் இடத்தைத் திருத்தி எழுதவேண்டும்.